அக்டோபர் மாதத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

ஈரோடு பக்கம் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தொழில் கடன் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 மே முதல் அக்டோபர் வரைக்கும் கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் கொடுக்கிறார். மாத வரவு லட்சத்தில் 6.2, 5.8, 5.5, 7.1, 9.4, 14. மொத்தம் 48 லட்சம், சராசரி 8 லட்சம். ஃபைல் பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்திலேயே திருப்தியாகிவிடுவார்கள். வியாபாரம் ஏறுமுகம் என்று குறிப்பும் எழுதிவிடுவார்கள்.

தவறு அந்தக் கூட்டலிலேயே தொடங்குகிறது. கணக்கில் வந்த பணமெல்லாம் சரக்கு விற்ற பணம் இல்லை. ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் இருக்கும் விவரக் குறிப்பான நரேஷனை வரி வரியாகப் படித்தால், ஆகஸ்டில் 1 லட்சம் அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்தே வந்திருக்கிறது. செப்டம்பரில் 2 லட்சத்துக்கு ஒரு செக் வரவாகி, இரண்டு நாளில் ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. ரிட்டர்ன் ஆன தொகை பற்றுப் பக்கம் போய்விடுவதால், வரவை மட்டும் கூட்டுகிறவர் கண்ணில் அது படாது. அக்டோபரில் வந்த 3 லட்சம் நகைக்கடன். இந்த 6 லட்சத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 42 லட்சம், சராசரி 7.

ரொக்க வரவையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை செல்ஃப் செக்கில் 1 லட்சம் எடுத்து, புதன்கிழமை 95,000 கட்டினால் அது அதே பணமாக இருக்கலாம். விற்பனையாக எண்ணக் கூடாது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது, கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு வழியாகத் தினமும் 8,340, 11,215 என்று உதிரியாக வந்து சேரும் தொகைதான். அதை ஆறு மாதம் ஜோடிப்பது லேசில்லை.

அடுத்தது சராசரி. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. துணிக்கடைக்கு அந்த ஒரு மாதம் தனி உலகம். கழித்தது போக அக்டோபரில் 11 லட்சம் நிற்கிறது, மற்ற ஐந்து மாதத்துக்கும் சேர்த்து 31 லட்சம்தான். அதாவது சாதாரண மாதம் என்பது 6.2 லட்சம். ஆறு மாதத்தை இரண்டால் பெருக்கி ஆண்டு விற்பனை 84 லட்சம் என்று எழுதினால், வருடத்துக்கு இரண்டு தீபாவளி கொண்டாடியதாகிவிடும். இதே கடைக்காரர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொடுத்திருந்தால், வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்து நல்ல ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்போம். அதுவும் தவறுதான். அதனால் போன வருடத்தின் அதே ஆறு மாதத்தையும் கேட்டு வாங்கி, அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட வேண்டும். ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்ன் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வங்கி வரவில் வரியும் சேர்ந்திருக்கும், ரிட்டர்னில் காட்டும் விற்பனை மதிப்பில் வரி இருக்காது. இதைக் கழிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, கணக்கு உதைக்கிறது என்று பார்ட்டியோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

வரவு சீராக இருந்தாலும் கையில் பணம் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. மாதக் கடைசி இருப்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இவருக்குப் பழைய கடனின் இஎம்ஐ 7ஆம் தேதி. 6ஆம் தேதி இருப்பைப் பார்த்தால் 3,000, 4,500 என்று கிடக்கிறது. அன்று சாயங்காலம் யாரோ 12,000 அனுப்புகிறார்கள். ஆறு மாதத்தில் நாலு மாதம் இதே கதை. இஎம்ஐ ஒன்றுகூட பவுன்ஸ் ஆகவில்லைதான். ஆனால் யாரோ கை கொடுத்து ஓடுகிற கணக்கு இது. யார் அனுப்புகிறார் என்று கேட்டால் முகம் சுளிப்பார், இருந்தாலும் கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப் திருத்தப்பட்டதா என்று பார்க்க நாலைந்து இடத்தில் முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்து, அடுத்த இருப்பு சரியாக வருகிறதா என்று பாருங்கள். அவசரத்தில் திருத்துகிறவர்கள் தொகையை மாற்றுவார்கள், இருப்பை மறந்துவிடுவார்கள்.

சரி, 8 லட்சத்துக்கும் 6.2 லட்சத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? சரக்கு, வாடகை, சம்பளம் போக நூற்றுக்குப் பத்து நிற்கிறது என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஒரு கணக்கில் 80,000, இன்னொன்றில் 62,000. வீட்டுச் செலவு 30,000, பழைய இஎம்ஐ 14,000 இரண்டும் எப்படியும் போகும். முதல் கணக்கில் புதுக் கடனுக்குக் கட்ட 36,000 இருக்கிறது, இரண்டாவதில் 18,000தான். நகைக்கடன் வட்டியை இன்னும் கழிக்கவில்லை.