ஐந்து நிமிட இடைவேளை ஏன் அரை மணி நேரமானது

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கச் சொன்னேன். முதல் வாரம் பலிக்கவில்லை. எழுந்தவர்கள் செல்போனை எடுத்தார்கள். உடல் நாற்காலியை விட்டதே தவிர, கண்ணும் மனமும் ஓயவில்லை. ஐந்து நிமிடம் அரை மணியானது.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். போனை அடுத்த அறையில் வைத்து, நேரம் பார்க்கச் சமையலறை டைமரை வைத்துக்கொண்டோம். பாடத்தை முடித்துவிட்டு எழுவதையும் நிறுத்தினோம். தொகையிடல் கணக்கில் மூன்றாம் வரி எழுதும்போது மணி அடித்தால், அடுத்து செய்ய வேண்டியதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவிட்டு எழ வேண்டும்: "u = x² எனப் பிரதியிடு". திரும்பி வந்ததும் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் இருக்காது.

அந்த ஐந்து நிமிடத்தில் சுவரைப் பிடித்துக் குதிகாலை 20 முறை உயர்த்தி இறக்கலாம், 10 முறை உட்கார்ந்து எழலாம், மீதி நேரம் மாடிப்படி ஏறி இறங்கலாம். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் தேங்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அதனால் குதிகால் பயிற்சியை விடக் கூடாது. மூச்சு லேசாக வேகமெடுத்தால் போதும். வியர்த்துக் கொட்டினால் அளவு மிஞ்சிவிட்டது, அடுத்த பத்து நிமிடம் களைப்பில் போகும்.

ஒரே வரியை மூன்றாம் முறை படிக்கிறீர்களா? மணிக்குக் காத்திருக்காமல் எழுந்துவிடுங்கள். தூக்கம் குறைந்த நாளில் மட்டும் இது உதவாது. அன்று தூங்கத்தான் வேண்டும்.