பிளெண்டரில் பளபளக்கும் ஹெல்மெட்: விளக்கிலும் வைசரிலும் வாரிலும் நடக்கும் தவறுகள்

முகம் முழுவதையும் மூடும் ஒரு கறுப்பு ஹெல்மெட். படத்தின் இடப்பக்கம் பார்த்து 40 டிகிரி திரும்பியிருக்கிறது. முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகின்றன. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் இதை மாடல் செய்து, அதன் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ரெண்டர் எடுக்கும் பலருக்கும் வடிவம் ஓரளவு சரியாகவே வந்துவிடுகிறது. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் பொம்மை என்று தெரிந்துவிடும். பொதுவாக அந்தக் குட்டு வெளிப்படுவது மூன்று இடங்களில்: ஓட்டின் மினுக்கம், வைசரின் பிரதிபலிப்பு, கீழே தொங்கும் வார்.

அதற்கு முன்னால் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெல்மெட்டின் முன்முனைக்கும் பின்பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 30 செமீ ஆழம் இருக்கிறது. கேமராவை அரை மீட்டரில் வைத்தால் முன்முனை 50 செமீ தூரத்திலும் பின்பக்கம் 80 செமீ தூரத்திலும் இருக்கும். அப்போது தாடைப் பகுதி, பின்பக்கத்தை விட 1.6 மடங்கு பெரிதாகித் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்து 85 மிமீ லென்ஸ் போட்டால் அந்த வித்தியாசம் 1.15 மடங்காகக் குறையும். கடைப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய ஹெல்மெட் இந்த இரண்டாவதுதான்.

இனி விளக்கு. இந்த வேலையில் அதிக நேரம் வீணாவது இங்கேதான். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஏரியா லைட்டை வைத்துவிட்டு, வைசரின் நடுவே ஒரு அழகான வெள்ளைக் கோடு விழும் என்று காத்திருப்பார்கள். அது விழாது. பிரதிபலிப்பில் படுகோணமும் எதிரொளிக் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்ததை இங்கே கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஹெல்மெட்டில் இருந்து பார்க்கும்போது கேமராவின் திசை 0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் 70 டிகிரியில் ஒரு விளக்கு இருந்தால், பரப்பு எந்த இடத்தில் சரியாக 35 டிகிரி இடப்பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்த இடத்தில்தான் அந்த விளக்கின் பிம்பம் தெரியும். எப்போதும் பாதிக் கோணம்தான். நம் வைசரின் நடுக்கோடு 40 டிகிரி பார்க்கிறது. ஆகவே 70 டிகிரியில் நிற்கும் விளக்கு, நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம், நாம் விரும்பும் இடத்திலேயே வந்து உட்காரும். கேமராவின் இடப்பக்கம் 10 டிகிரியில் வைத்த விளக்கோ, பரப்பு 5 டிகிரி பார்க்கும் இடத்துக்கு, அதாவது வைசரின் வலப்பக்கச் சரிவுக்குப் போய்விடும். எத்தனை வாட் கூட்டினாலும் அது நடுவுக்கு வராது. இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தலைக்கு நேர் மேலே வைக்கும் விளக்குக்கும் இதே கணக்குதான். அதன் பிம்பம் உச்சியில் தெரியும் என்று நினைப்போம். கேமரா கிடைமட்டமாக இருந்தால், பரப்பு 45 டிகிரி மேல்நோக்கிச் சாயும் நெற்றிச் சரிவில்தான் தெரியும். உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளியை மட்டும் வைத்த படங்கள் மனசுக்கு ஒட்டாமல் போவதற்கு இதுவே காரணம். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நம் கண்ணுக்குக் கணக்கு உதைக்கிறது.

விளக்கின் வடிவமும் முக்கியம். பளபளப்பான பரப்பில் நாம் பார்ப்பது பொதுவான வெளிச்சத்தை அல்ல, விளக்கின் உருவத்தை. ஓட்டின் உச்சி எல்லாப் பக்கமும் வளைந்தது. அதனால் சதுர விளக்கு அங்கே சிறிய சதுரமாக, ஓரங்கள் வளைந்து தெரியும். வைசர் அப்படியல்ல. அது இடவலமாக நன்றாக வளைந்தும் மேலிருந்து கீழாகக் கொஞ்சமே வளைந்தும் இருக்கிறது. அதே சதுரம் அங்கே ஒடுங்கி, உயரமான பட்டையாகத் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரிப் பிம்பம் வந்தால் உங்கள் வைசரின் வளைவு தவறு என்று அர்த்தம். அடுத்தது, வைசர் ஓட்டோடு ஒட்டிய பகுதி இல்லை. அதன் விளிம்பில் ஒரு ரப்பர் இடைவெளி உண்டு, வளைவும் வேறு. எனவே ஓட்டில் ஓடிவரும் வெள்ளைக் கோடு வைசர் விளிம்பில் அறுந்து, வேறோர் இடத்தில் தொடங்க வேண்டும். பிசிறில்லாமல் நேராகத் தொடர்ந்து ஓடினால், இரண்டையும் ஒரே மெஷ்ஷில் வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

சாதாரண ஏரியா லைட் விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே அளவு வெளிச்சம் தரும். அதன் பிம்பம் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும். அதற்குப் பதில் 0.4 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பிளேனை 70 டிகிரியில் நிறுத்துங்கள். அதற்கு Emission கொடுத்து, Gradient Texture, Color Ramp வழியாக ஒரு ஓரத்தை மட்டும் இருட்டில் கரைய விடுங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கியும் போகும் அந்தப் பட்டைதான் நிஜ ஸ்டுடியோப் படங்களில் பார்ப்பது.

கறுப்பு ஹெல்மெட்டை வெள்ளைப் பின்னணியில் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும். ஓரங்கள் வெளுத்துப் பின்னணியோடு கரைந்துவிடும். வார்னிஷ் போன்ற பரப்பை நேருக்கு நேர் பார்த்தால் சுமார் 4 சதவீத ஒளிதான் திரும்பி வரும். 80 டிகிரிச் சாய்வில் அதுவே 39 சதவீதம் ஆகிவிடும். ஓரத்தில் தெரிவது ஹெல்மெட்டுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர். ஹெல்மெட்டின் இருபக்கமும், கேமராவின் பார்வைக்குச் சற்று வெளியே, இரண்டு கறுப்புப் பிளேன்களை நிறுத்தினால் ஓரம் திரும்பக் கிடைத்துவிடும். Roughness-ஐ ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்த்தால் பளபளப்பே போய்விடும்.

மெட்டீரியலில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். பளபளப்பு வேண்டும் என்று Metallic-ஐ 1 ஆக்கிவிடுவார்கள். கறுப்பில் இது அவ்வளவு தெரியாது. சிவப்பு ஹெல்மெட்டில் பார்த்தால் வெள்ளை விளக்கின் பிம்பமும் சிவப்பாகிவிடும், ஏனென்றால் உலோகம்தான் பிரதிபலிப்புக்குத் தன் நிறத்தைக் கொடுக்கும். ஹெல்மெட்டில் இருப்பது பெயின்ட், அதன் மேல் நிறமற்ற ஒரு பூச்சு. ஆகவே Metallic 0, Roughness 0.4 அளவு, மேல்பூச்சுக்கு Coat பகுதியில் Weight 1, Roughness 0.03, ஒளிவிலகல் எண்ணான IOR 1.5. பிளெண்டர் 4.0-க்கு முந்தைய பதிப்புகளில் இது Clearcoat என்ற பெயரில் இருக்கும்.

காற்றுத் துளைகளை Boolean வைத்து வெட்டியவர்கள் அந்த இடத்தின் பக்கத்தில் வெள்ளைக் கோடு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். Solid பார்வையில் கோடு போட்ட ஒரு MatCap-ஐப் போட்டு மாடலைச் சுழற்றினாலே தெரிந்துவிடும். வெட்டுவதற்கு முன் ஓட்டை நகல் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, Data Transfer மாடிஃபையர் மூலம் அதன் Custom Normals-ஐ வெட்டிய ஓட்டுக்கு மாற்றினால் பெரும்பாலான நெளிவு அடங்கும்.

வைசரில் வரும் பெரிய குழப்பம் தடிமன் சம்பந்தப்பட்டது. ஒற்றைப் பரப்புக்கு Transmission கொடுத்தால், உள்ளே போன ஒளி வெளியே வரவே இல்லை என்று சைக்கிள்ஸ் எடுத்துக்கொள்ளும். ஹெல்மெட்டின் உட்புறம் முழுவதும் கண்ணாடிக் கட்டி போல் ஆகி, உள்ளிருக்கும் பேடிங் வளைந்து பெருத்துத் தெரியும். முதலில் Ctrl+A அழுத்தி Scale-ஐ அப்ளை செய்துவிட்டு, Solidify-இல் 0.002 மீட்டர், அதாவது 2 மிமீ தடிமன் கொடுங்கள். பாலிகார்பனேட்டின் IOR 1.585. இதைச் செய்த பிறகும் உட்புறம் கன்னங்கரேலென்று இருக்கும். விளக்கிலிருந்து நேராக வரும் நிழல் கதிரை கண்ணாடி மெட்டீரியல் தடுத்துவிடுவதே காரணம். வைசர் ஷேடரையும் Transparent BSDF-ஐயும் ஒரு Mix Shader-இல் சேர்த்து, Light Path நோடின் Is Shadow Ray-ஐ அதன் Factor-இல் கொடுத்தால் உள்ளே வெளிச்சம் போகும். புகை நிற வைசர் என்றால் Transparent-க்கும் அதே சாம்பல் நிறம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் தேவைக்கு மேல் வெளிச்சமாகிவிடும்.

கடைசியாக வார். இதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிக்கிறார்கள், பார்ப்பவர் கண்ணும் நேராக இங்கேதான் வரும். முதல் தவறு, வார் ஓட்டின் கீழ் விளிம்பிலிருந்து முளைப்பது. நிஜத்தில் அதன் முனை ஓட்டின் உட்புறம், விளிம்புக்கு மேலே, காதுப் பக்கம் ரிவெட் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து தெர்மோகோலுக்கும் கன்னப் பேடுக்கும் நடுவே இறங்கி வெளியே வரும். நம் கோணத்தில், தாடைப் பகுதிக்கு நேர் கீழே வார் தெரியக்கூடாது. அதற்குப் பின்னால், பக்கவாட்டின் நடுப்பகுதியில் இருட்டிலிருந்து வெளிப்பட வேண்டும். மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் ஹெல்மெட்டில் அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. வாரைக் காட்ட வேண்டுமென்றால் ஹெல்மெட்டைத் தாங்கியில் உயர்த்தி வைக்க வேண்டும்.

அடுத்தது வளைவு. இரண்டு செமீக்குச் சற்று மேல் அகலமுள்ள நெய்த நாடா அது. தட்டையான பக்கமாகச் சுலபமாக மடியும், முறுக்கிக்கொள்ளும். ஆனால் அகலவாக்கில் வளையாது. நாடாவின் மெஷ்ஷுக்கு Curve மாடிஃபையர் போட்டு, ஒரு பெசியே கர்வைப் பின்பற்ற விட்டு இஷ்டத்துக்கு வளைத்தால் சாலை வளைவு போல ஒரு ஓரம் நீண்டு மறு ஓரம் சுருங்கிவிடும். சரிபார்க்க வழி சுலபம்: இரண்டு ஓரங்களிலும் ஓடும் தையலின் இடைவெளியை ஒப்பிடுங்கள், அல்லது நெசவு வரிகள் ஒரு ஓரத்தில் நெருங்கி மறு ஓரத்தில் விரிகின்றனவா என்று பாருங்கள். விரிந்தால் அந்த வளைவை நீக்கிவிட்டு, கர்வின் புள்ளியைத் தேர்ந்து Ctrl+T அழுத்தி முறுக்குங்கள். நாடா திசை மாறுவது அப்படித்தான்.

இரட்டை டி-ரிங் பூட்டு போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் வாரை வைத்துவிடுகிறார்கள். வளையங்கள் உள்ள பக்கம் குட்டையாக இருக்கும். அது வளையங்களின் நேர்ப்பக்கத்தைச் சுற்றி மடிந்து, தன்மேலேயே சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். மறுபக்க வார் நீளமானது. அது இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைந்து, வெளி வளையத்தின் மேல் திரும்பி, உள் வளையத்துக்குள் மட்டும் மறுபடி போகும். இழுத்தால் இறுகுவது அந்தத் திருப்பத்தால்தான். ஹெல்மெட் போடுகிறவர் யாரும் இரண்டு வளையத்தையும் ஒரே திசையில் தாண்டிப்போன வாரைப் பார்த்ததும், இது கழன்றுவிடுமே என்று சொல்லிவிடுவார். மிச்சமுள்ள வால்முனையில் காற்றில் அடிக்காமலிருக்க ஒரு பிரஸ் பட்டன் இருக்கும். வளையங்களுக்கு மட்டும் Metallic 1 போடலாம், Roughness 0.25. தையலை டெக்ஸ்சரில் கோடாக வரைவதை விட, மூன்று மிமீ நீளமுள்ள சின்னச் சின்ன நூல் துண்டுகளாக வைத்து, ஒவ்வொன்றின் இரு முனையிலும் நாடாவைக் கொஞ்சம் உள்ளே அமுக்கிவிடுங்கள். நூல் மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் நெருங்கிப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.