இரண்டு சம்பளம், மூன்று கணக்கு: கணவன் மனைவி பணத்தைச் சேர்க்கும் முறை

கூட்டுக் கணக்கா, தனிக் கணக்கா என்று ஸ்டாஃப் ரூமில் வாதம் வந்தால் நான் இரண்டும் வேண்டும் என்பேன். ஆளுக்கொரு தனிக் கணக்கு. வீட்டுச் செலவுக்கு மட்டும் ஒரு கூட்டுக் கணக்கு. சம்பளம் தனிக் கணக்கில் விழும். அதிலிருந்து பேசி வைத்த தொகை மட்டும் கூட்டுக் கணக்குக்குப் போகும். மிச்சம் அவரவருடையது, அதற்குக் கேள்வி கிடையாது.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வருவார். எனக்குச் சம்பளம் 25ஆம் திகதி, இவருக்கு 5ஆம் திகதி. மலைநாட்டில் இப்படிப் பிரிந்திருந்து உழைக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். இருவரும் ஒரே வீட்டில், ஒரே நாளில் சம்பளம் வாங்குபவர்கள் என்றால் பாதி வேலை மிச்சம்.

1. யார் எவ்வளவு போடுவது

கணக்கு சுலபமாக வரட்டும் என்று எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன். மனைவியின் கைக்கு வருவது 62,000 ரூபாய், கணவனுக்கு 93,000. வாடகை, சாமான், கரண்ட், தண்ணீர், கேஸ், பிள்ளையின் நர்சரி, மருந்து, ஆபத்து அவசரத்துக்குக் கொஞ்சம் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மாதம் 90,000.

பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 45,000. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மனைவிக்கு 17,000 மிஞ்சும்போது கணவனுக்கு 48,000 மிஞ்சுகிறது. அதனால் பலர் சம்பள விகிதப்படி பிரிக்கச் சொல்வார்கள். 62க்கு 93 என்றால் 40க்கு 60. மனைவி 36,000, கணவன் 54,000. இதுவரை எல்லாரும் செய்வதுதான்.

நாங்கள் முட்டிக்கொண்டு நின்றது இதற்கு அடுத்த இடத்தில். கணவனுக்குக் கொழும்பில் போர்டிங்கும் சாப்பாடும் 23,000. மனைவிக்குப் பஸ்ஸுக்கு 6,000. இவை ஆசைக்குச் செய்கிற செலவா? இல்லாவிட்டால் சம்பளமே வராது. ஆகவே முதலில் இவற்றைக் கழித்துவிட்டுத்தான் விகிதம் பார்க்க வேண்டும். கழித்தால் மனைவியிடம் 56,000, கணவனிடம் 70,000. விகிதம் 4க்கு 5. வீட்டுச் செலவு 90,000ஐ இந்த விகிதத்தில் பிரித்தால் மனைவி 40,000, கணவன் 50,000. கையில் மிஞ்சுவது அவளுக்கு 16,000, அவருக்கு 20,000.

கழிக்காமல் 40க்கு 60 என்று பிரித்திருந்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள். வேலைச் செலவு போக அவளிடம் 20,000, அவரிடம் 16,000. கூடச் சம்பளம் வாங்குபவரிடம் குறையக் காசு! “எனக்குத்தானே சம்பளம் கூட, மாதக் கடைசியில் நான் ஏன் கடன் கேட்கிறேன்?” என்று ஒருவர் கேட்டால், பெரும்பாலும் இந்தக் கழித்தல்தான் விட்டுப்போயிருக்கும்.

சம்பளம் கூடும்போதோ போர்டிங் மாறும்போதோ திரும்பப் போடுங்கள். மாதா மாதம் வேண்டாம், சண்டைதான் மிஞ்சும்.

அம்மா அப்பாவுக்கு அனுப்பும் காசு? தோட்டத்தில் இருக்கும் பெற்றோருக்கு மாதம் ஏதாவது கொடுக்காத வீடு நம்மிடையே குறைவு. இரண்டு பக்கத்தையும் பொதுச் செலவில் சேருங்கள், அல்லது இரண்டையும் அவரவர் மிச்சத்திலிருந்து கொடுங்கள். மாமிக்குக் கொடுப்பது வீட்டுச் செலவு, அம்மாவுக்குக் கொடுப்பது உன் செலவு என்று மட்டும் வேண்டாம். நாங்கள் அவரவர் மிச்சத்திலிருந்து கொடுக்கிறோம். தீபாவளிக்கு உடுப்பு எடுப்பது மட்டும் பொதுவில்.

2. கணக்குத் திறப்பது

எந்த வங்கி என்பதில் எனக்கு ஒரே விதிதான்: வீட்டில் இருப்பவர் நடந்து போகும் தூரத்தில் ஏடிஎம் இருக்க வேண்டும். வட்டி அரை வீதம் கூட என்று நுவரெலியாவரை போவதில் பிரயோசனம் இல்லை. இந்தக் கணக்கில் பணம் தங்கப் போவதில்லை.

இருவரின் அடையாள அட்டையோடு முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். லயத்தில் இருப்பவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இங்கேதான் இழுபறி. கரண்ட் பில் தோட்டத்தின் பேரிலோ வீட்டுக்காரர் பேரிலோ இருக்கும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் போட்டுக்கொண்டு போங்கள். கொழும்பில் இருப்பவர் லீவு போட முடியாவிட்டால், அதே வங்கியின் கொழும்புக் கிளையில் கையொப்பம் வைக்கலாமா என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள்.

3. கையொப்பக் கட்டளை: அவசரப்படக் கூடாத இடம்

படிவத்தில் கணக்கை யார் இயக்குவது என்று ஒரு பெட்டி இருக்கும். “இருவரில் எவரும்”, “இருவரும் சேர்ந்து” என்று இரண்டு தெரிவு. எங்கள் கவுண்டரில் இருந்தவர், “இருவரும் சேர்ந்து போடுங்க டீச்சர், அதுதான் பாதுகாப்பு” என்றார். கேட்க நல்லாத்தான் இருந்தது. அந்த வங்கியில் அதன் பொருள், ஏடிஎம் அட்டை இல்லை, போனில் பணம் மாற்ற முடியாது, காசு எடுக்கும் துண்டில் இரண்டு கையொப்பம் வேண்டும். ஒருவர் கொழும்பிலும் ஒருவர் மலையிலும் இருக்கும் வீட்டுக்கு அது பூட்டிய பெட்டிதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரம், கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கினேன். மாற்றுவதற்கும் இருவரும் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும் என்றார்கள்.

ஆகவே வீட்டுச் செலவுக் கணக்குக்கு “இருவரில் எவரும்” என்பதுதான் சரி. ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா, எது போட்டிருக்கிறது என்று தெரியவில்லையா? இருவர் பேரிலும் ஏடிஎம் அட்டை கேட்டுப் பாருங்கள். தர முடியாது என்றால் காரணம் பெரும்பாலும் அந்தப் பெட்டிதான்.

இதில் ஆபத்தும் உண்டு. ஒருவர் நினைத்தால் முழுவதையும் எடுத்துவிடலாம், வங்கி மற்றவரைக் கேட்காது. அதனால்தான் இந்தக் கணக்கில் ஒரு மாதச் செலவுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறேன். காணி வாங்க, வீடு கட்டச் சேர்க்கும் பணத்துக்குத் தனியாக ஒரு நிலையான வைப்புப் போட்டு, அங்கே “இருவரும் சேர்ந்து” என்று எழுதுங்கள். கவுண்டரில் சொன்ன அந்தப் பாதுகாப்பு அங்கேதான் உதவும்.

இன்னொரு கேள்வியையும் வாய்விட்டுக் கேளுங்கள்: எங்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் பணத்தை எடுக்கலாமா? எஞ்சியிருப்பவருக்குச் சேரும் என்ற வாசகம் கட்டளையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பத்திரம், நீதிமன்றம் என்று அலைய நேரலாம். தனிக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் நியமனதாரர் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பலர் அந்த வரியை வெறுமையாக விட்டுத்தான் கையொப்பம் வைக்கிறார்கள்.

4. பணம் தானாகப் போகட்டும்

ஒவ்வொரு மாதமும் ஞாபகம் வைத்து அனுப்புவது மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும். தனிக் கணக்கில் ஸ்டாண்டிங் ஓடர் போடுங்கள். திகதியைச் சம்பள நாளிலேயே வைக்காமல் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். சம்பளம் பிந்தினால் கணக்கில் காசு இருக்காது, ஓடர் திரும்பிவிடும். சில வங்கிகள் அதற்கும் கட்டணம் எடுக்கும்.

எங்களைப் போன்ற வீட்டில் மனைவியின் 40,000 மாதம் 27இல் வரும், கணவனின் 50,000 மறு மாதம் 7இல். ஆகவே 27இலிருந்து 7வரை அந்த 40,000இல்தான் ஓட வேண்டும். வாடகை 20,000 போனால் கையில் 20,000. மாதச் சாமான் முழுவதையும் 1ஆம் திகதி வாங்கினால் அது காணாது. அரிசி, மா, பால்மா, பருப்பு முதலில். மிச்சச் சாமானும் நர்சரிக் காசும் 7க்குப் பிறகு. கணக்கு சரியாக இருந்தும் மாதத்தின் முதல் வாரத்தில் காசு முட்டுகிறது என்றால் தொகையைக் கூட்டாதீர்கள், பில் கட்டும் திகதியைத் தள்ளுங்கள்.

செலவு எழுத நான் சிஆர் கொப்பிதான் வைத்திருக்கிறேன். இவர் போனில் ஒரு ஆப் போட்டுத் தந்தார். சிக்னல் இல்லாத இடத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், அப்புறம் அவர் கூட்டிப் பார்ப்பார்.

பின்சேர்க்கை

ஒரு ஆசிரியை கருத்துப் பகுதியில் கேட்டது: “வீடு திருத்த நான் எடுத்த இடர் கடன் என் சம்பளத்தில் 8,000 வெட்டுப்படுகிறது. அதை எங்கே சேர்ப்பது?” நல்ல கேள்வி, நான் எழுத விட்டுப்போன விடயம். கடன் பொது வீட்டுக்கு என்றால், அந்த 8,000ஐ உங்கள் வருமானத்தோடு திரும்பக் கூட்டுங்கள், பொதுச் செலவிலும் கூட்டுங்கள். மேலே உள்ள எண்களில் மனைவி 64,000, கணவன் 70,000, செலவு 98,000. மனைவியின் பங்கு சுமார் 46,800. அதில் 8,000ஐ ஏற்கெனவே கட்டிவிட்டாள், ஆகவே கூட்டுக் கணக்குக்கு 38,800 அனுப்பினால் போதும். கணவன் 51,200. இப்படிச் செய்யாவிட்டால் வீட்டுக் கடன் முழுவதும் ஒருவர் தலையில் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

இன்னொருவர் எழுதியது, எஸ்எம்எஸ் ஒரே போனுக்குத்தான் வருகிறது, மனைவி பணம் மாற்றப் போனால் ஓடிபி கணவனின் போனுக்குப் போகிறது என்று. கணக்குத் திறக்கும்போது முதல் பெயருக்கு உரியவரின் இலக்கத்தை மட்டும் பதிந்திருப்பார்கள். இருவரின் இலக்கத்தையும் கொடுங்கள், இணைய வங்கிச் சேவைக்கு இருவரும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். வீட்டில் இருப்பவரை முதல் பெயராகப் போடுவது இன்னும் நல்லது.

கடைசியாக, கடனுக்குப் பிணை நின்றவர்கள் கவனியுங்கள். பாடசாலையில் சக ஆசிரியர்களுக்குப் பிணைக் கையொப்பம் வைக்காதவர்கள் குறைவு. ஒருவர் தர வேண்டிய பணத்துக்குக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பல வங்கிகள் தம் நிபந்தனைத் தாளில் எழுதி வைத்திருக்கும், கூட்டுக் கணக்கும் அதில் அடங்கலாம். நீங்கள் பிணை நின்ற வங்கியை விட்டு வேறு வங்கியில் கூட்டுக் கணக்கைத் திறவுங்கள்.