ஒரு நாள் இடைவெளியை நம்ப வேண்டாம்

வேலைத்திட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய வேலைகளின் மிக நீண்ட பாதையை, அதாவது நெருக்கடிப் பாதையைக் கண்டதும் நின்றுவிடாமல், அதற்கு அடுத்த நீளமுள்ள பாதையில் எந்த வேலையின் கால மதிப்பீடு மிக அகன்றிருக்கிறது என்றும் பாருங்கள்.

மட்டக்களப்பில் மாரி மழைக்கு முன் ஓடு போட்டுவிட வேண்டிய ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். அத்திவாரத்துக்கு 6 நாள். அதன்பின் எழும்பும் சுவருக்கு மேசன் சொல்லும் குறைந்த, இயல்பான, கூடிய நாட்கள் 8, 10, 18. இவற்றை முறையே a, m, b எனக் கொண்டால், கால மதிப்பீட்டுக்கான பேர்ட் முறையின் (a+4m+b)/6 சூத்திரப்படி 11 நாள். முதல் நாளே தொடங்கக்கூடிய கூரை மரவேலைக்கு 9, 14, 31. அதாவது 16 நாள். இரண்டும் முடிந்த பின்னரே 5 நாள் கூரை வேலை.

அத்திவாரமும் சுவரும் சேர்ந்து 17 நாள் என்பதால் அதுவே நெருக்கடிப் பாதை, மொத்தம் 22 நாள். மரவேலை தாமதிக்க ஒரு நாள் இடைவெளி இருப்பதாகக் கணக்குச் சொல்லும். ஆனால் மதிப்பீடு எவ்வளவு பிசகலாம் எனக் காட்டும் (b−a)/6 என்ற நியம விலகல் சுவருக்கு ஏறத்தாழ 1.7 நாளாக இருக்க, மரவேலைக்கு 3.7 நாளாகிறது, அந்த ஒரு நாள் எளிதில் கரைந்துவிடும். ஆகவே மேலதிக மேசனுக்குச் செலவழிப்பதற்கு முன், மரத்தை ஒரு வாரம் முந்தி வாங்கித் தச்சரிடம் ஒப்படைப்பதே மலிவான காப்பு என்பது என் கருத்து.

இரு பாதைகளிலும் ஒரே ஆட்களே வேலை செய்தால் இது பொருந்தாது. அவை உண்மையில் ஒரே வரிசையாகிவிடும்.