கோவலனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்: மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் அல்சூரில் ஞாயிறு காலைகளில் நாங்கள் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காட்சியை ஒத்திகை பார்க்கிறோம். நடிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். பார்க்க வருகிறவர்களிலும் அப்படிப் பலர் உண்டு. ஆகையால் கதை எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ள முடியாது. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று பார்வையாளருக்குத் தெரிந்திருப்பதைத்தான் நாடக முரண் என்கிறோம். பார்ப்பவருக்கே தெரியாவிட்டால் முரண் எங்கிருந்து வரும்?

முதல் தடவை நாங்கள் செய்த பெரிய தவறு, அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன்தான் என்பதைக் கடைசிவரை மறைத்து வைத்தது. திடுக்கிட வைக்கலாம் என்று நினைத்தோம். கோவலன் வெட்டுப்பட்டு விழும்போது முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த ஆசாரி எதுக்குப் பொய் சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். புதிரை அவிழ்த்துக்கொண்டிருக்கும் மனதில் துக்கத்துக்கு இடம் இல்லை. இளங்கோ இந்தத் தவறைச் செய்யவில்லை. நூலின் வாசலில் நிற்கும் பதிகமே, முன்பு தான் எடுத்த சிலம்பைப் பிறன் ஒரு கள்வன் கையில் கண்டதாகப் பொற்கொல்லன் சொன்னான் என்று உடைத்துச் சொல்லிவிடுகிறது. இப்போது நாங்களும் கோவலன் மேடைக்கு வருவதற்கு முன்பே, பொற்கொல்லன் ஒரு சிலம்பைத் துணியில் சுற்றி ஒளித்துவைப்பதை வசனம் இல்லாமல் காட்டிவிடுகிறோம்.

அது தெரிந்துவிட்டால் அப்புறம் வருகிற சாதாரணப் பேச்செல்லாம் கனமாகிறது. மாதரி தந்த வீட்டில் கண்ணகி சமைத்துப் போட, கோவலன் சாப்பிட்டு எழுகிறான். ஒரு சிலம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, "மாறி வருவன் மயங்காது ஒழிக" என்கிறான். மாறி என்றால் இங்கே விற்று என்று பொருள். விற்றுவிட்டு வருகிறேன், கலங்காதே என்று மனைவியிடம் சொல்லும் வெறும் வீட்டுப்பேச்சு அது. எங்கள் பையன் இதைத் தொண்டை அடைக்கச் சொன்னான். அவன் கோவலனாக அழவில்லை, கதை தெரிந்தவனாக அழுதான். பார்ப்பவர்கள் அழ வேண்டிய அழுகையை அவனே அழுது தீர்த்தால் அவர்கள் சும்மா உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பார்கள். கடைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி சொல்லச் சொன்னேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னான். ஹாலில் சத்தமே இல்லை. அந்த இடத்தில் சோக வயலினும் வேண்டாம் என்று எடுத்துவிட்டோம்.

இதைவிட நுணுக்கமான தவறு, கோவலனை முட்டாளாக்குவது. நமக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிட்டால் இரக்கம் போய் எரிச்சல் வந்துவிடும். அதனால் அவனுடைய அறியாமைக்கு நியாயமான காரணம் வேண்டும். தெருவில் காளை எதிர்த்து வருகிறது. அது தீய சகுனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் குலத்தார் அதை அறிந்தவர்கள் அல்ல என்று கவி காரணமும் சொல்லிவிடுகிறார். ஆயர்கள் அறிந்த சகுனம் வணிகன் மகனுக்கு எப்படித் தெரியும்? அடுத்து வருகிற பொற்கொல்லனும் திருட்டு முழி முழித்துக்கொண்டு வரவில்லை. நூறு கொல்லர்கள் பின்தொடர, சட்டை அணிந்து, அரண்மனை மதிப்போடு வருகிறான். அரசன் தேவிக்கு ஏற்ற கால் அணிகலனுக்கு உன்னால் விலைபோட முடியுமா என்று கோவலன் கேட்கிறான். எந்த ஊருக்குப் புதிதாகப் போனாலும் நாமும் அப்படி ஒருவரைத்தான் நம்பிக் கேட்போம். பொற்கொல்லனுக்கு வில்லன் சிரிப்புக் கொடுத்தால் இந்த நம்பிக்கை உடைந்துவிடும், கோவலனும் ஏமாளி ஆகிவிடுவான்.

'அரசன் தேவிக்கு' என்ற சொல்லைத் தன் சாவுக்குத் தானே எடுத்துக்கொடுக்கிறான் பாருங்கள். இதை அழுத்திச் சொல்லக் கூடாது. விலை கூட்டிக் கேட்கும் வியாபாரப் பேச்சாகவே போக வேண்டும்.

பாண்டியனைக் கொடியவனாகக் காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. அவனும் தெரியாதவன்தான். ஊடிப்போன தேவியைத் தேடிப் போகும் வழியில், விசாரிக்காமல் உத்தரவு போடுகிறான். அவன் குற்றம் அவசரம். பார்வையாளர் இரண்டு பேருடைய அறியாமையையும் ஒன்றாகச் சுமக்க வேண்டும். கோவலன் கடைசிவரை தெரியாமலே போகிறான். அரசனுக்கு மட்டும் தெரிந்துகொள்ளும் நேரம் ஒன்று வருகிறது. தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அது உடைந்து பரல் தெறிக்கிறது. நாம் இத்தனை நேரம் தனியாகத் தெரிந்துவைத்திருந்ததை அவனும் அப்போதுதான் அறிகிறான். "யானோ அரசன், யானே கள்வன்" என்ற வரிக்கு எங்கள் நடிகர் ஓடிவிடுகிறார். அதற்கு முன் குனிந்து, தரையில் கிடக்கும் பரலை ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.