13ஆம் தேதி இரவு 12.25 என்று எழுதாதீர்கள்: போர்டிங் பாஸ் போட்டோவைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நான் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், விமான டிக்கெட்டில் ஆங்கிலம். அதனால் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் போர்டிங் பாஸ் போட்டோவை, "தம்பி, இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்று எடுத்து வருகிறவர்கள் அதிகம். பத்து வரிகூட இல்லாத காகிதம்தான். ஆனால் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் அதைச் சரியாகப் படித்தாக வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் படிப்பதில்தான்.

நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன். மகளின் பிரசவத்துக்கு ஷார்ஜா போக வேண்டிய ஓர் அக்கா வந்தார். மகள் அங்கிருந்தே வெப் செக்-இன் செய்து, பாஸை அச்செடுத்து, அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் இருந்த முக்கியமான வரிகள் இவை:

```
FROM COK   TO SHJ
DATE 13JUN   DEP 0025
BRDG 2325   GATE --
SEAT 12A   SEQ 045
```

நான் ஒரு தாளில் "கொச்சி – ஷார்ஜா, ஜூன் 13ஆம் தேதி, இரவு 12.25" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல்கூட பொய்யில்லை. ஆனால் நம் ஊரில் ராத்திரி என்பது அந்தப் பகலோடு சேர்ந்தது. 13ஆம் தேதி இரவு என்றால், 13ஆம் தேதி சாப்பிட்டு முடித்த பிறகு வரும் இரவு. அந்தக் கணக்கில் அக்கா 13ஆம் தேதி மத்தியானத்துக்கு வண்டி சொல்லிவிட்டார். 12ஆம் தேதி இரவு 8 மணிக்கு மருமகன் போன் செய்து, "ஏர்போர்ட் வந்துட்டீங்களா?" என்று கேட்டபோது அவர் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். கிடைத்த காரைப் பிடித்து நெடும்பாசேரி போய்ச் சேர்ந்தபோது மணி 11.40. பெட்டி போடும் கவுண்டரை 11.25க்கே மூடிவிட்டார்கள். இன்னொரு டிக்கெட் வாங்கித்தான் போனார். அந்தத் தாளை எழுதியவன் நான். அதிலிருந்து இந்த வேலையை வேறு மாதிரிதான் செய்கிறேன்.

பாஸில் இருக்கும் தேதி விமானம் கிளம்பும் தேதி. `0025` என்பது 13ஆம் தேதி பிறந்து 25 நிமிடம் ஆன நேரம். ஆனால் அதே காகிதத்தில் இருக்கும் `2325` என்ற போர்டிங் நேரம் 12ஆம் தேதிக்கு உரியது. ஒரே தேதியின் கீழே இரண்டு நாளின் நேரங்கள் அச்சாகியிருக்கின்றன. எந்த நேரம் எந்த நாள் என்று காகிதம் சொல்லாது, படிப்பவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அடையாளம் எளிது. போர்டிங் நேரம் 22 அல்லது 23 என்று தொடங்கி, கிளம்பும் நேரம் 00 அல்லது 01 என்று தொடங்கினால், நடுவில் தேதி மாறுகிறது. அப்போது "இரவு 12.25" என்று மட்டும் எழுதக் கூடாது. "12 வியாழன் இரவு, வெள்ளி விடிவதற்கு முன்" என்று கிழமையோடு எழுத வேண்டும். தேதியைக் குழப்பிக்கொள்கிறவர்கள்கூட கிழமையில் குழம்புவதில்லை.

நேரத்தில் அடுத்த தவறு, கண்ணில் படும் முதல் நேரத்தை விமான நேரமாக எழுதிவிடுவது. பாஸில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் போர்டிங் நேரம்தான். `BRDG`, `BDG`, `BRD`, `BOARDING` என்று விதவிதமாகப் போடுவார்கள், எல்லாம் விமானத்துக்குள் ஏற்றத் தொடங்கும் நேரம். `DEP`, `STD`, `ETD` மூன்றும் கிளம்பும் நேரத்தைச் சொல்பவை. `STD` அட்டவணைப்படியான நேரம், `ETD` அன்றைய நிலவரப்படி எதிர்பார்க்கும் நேரம். (பழைய எஸ்டிடி பூத் நினைவில், இது போன் நம்பரா என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான்.) மூன்றாவதாக `GATE CLOSES` என்று ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும். கிளம்புவதற்கு 15 முதல் 25 நிமிடம் முன்பாக கேட்டை மூடிவிடுவார்கள், விமான நிறுவனத்துக்கு ஏற்ப மாறும். இந்த மூன்றையும் "விமான நேரம்" என்ற ஒரே சொல்லில் அடக்கினால் மொழிபெயர்ப்பு கெட்டது. நான் இப்போது "ஏறத் தொடங்கும் நேரம்", "கதவு மூடும் நேரம்", "கிளம்பும் நேரம்" என்று மூன்று வரியாக எழுதுகிறேன். எந்த நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படிதான் என்பதையும் சொல்லிவிடுவேன். ஷார்ஜா, துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால்.

அடுத்தது விமான நிலையக் குறியீடு. எங்கள் பகுதிக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. இங்கிருந்து போகக்கூடிய மூன்று விமான நிலையங்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. கொச்சி `COK`, கோழிக்கோடு `CCJ`, கோயம்புத்தூர் `CJB`. வடக்கே கண்ணூர் `CNN`, தொலைவில் கொல்கத்தா `CCU`. போட்டோ கொஞ்சம் மங்கலாக இருந்தால் `CCJ`வும் `CJB`யும் ஒன்று போலவே தெரியும். ஒன்று வாளையார் தாண்டிக் கிழக்கே, மற்றொன்று மலப்புறம் பக்கம். தப்பாகப் படித்தால் வண்டி எதிர்த்திசையில் போகும்.

பல குறியீடுகள் பழைய பெயரிலிருந்து வந்தவை. மெட்ராஸ் என்பதால் சென்னை `MAA`, காலிகட் என்பதால் கோழிக்கோட்டுக்கு `CCJ`, டிரிவாண்ட்ரம் என்பதால் திருவனந்தபுரம் `TRV`. அதனால் இன்றைய பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. குறியீட்டைத் தமிழ் எழுத்தில் மாற்றவும் கூடாது. ஒருவர் "சோக்" என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. `COK` என்று அப்படியே எழுதி, பக்கத்தில் "கொச்சி, நெடும்பாசேரி" என்று போட வேண்டும். பெட்டியில் கட்டும் சீட்டிலும் அந்த மூன்று எழுத்துதான் இருக்கும்.

சரி, போட்டோவே மங்கல், எழுத்து `O`வா சைபரா, `B`யா எட்டா என்று தெரியவில்லை. அப்போது ஊகிக்காமல் பாஸின் பார்கோடைப் படியுங்கள். காகிதப் பாஸில் அது அகலமான செவ்வகமாக இருக்கும், PDF417 என்ற வகை. போனில் வரும் பாஸில் சதுரமாக இருக்கும். PDF417ஐப் படிக்கும் ஸ்கேனர் செயலி போனில் இருந்தால் போட்டோவிலிருந்தே படித்துவிடலாம். வரும் வரி இப்படி இருக்கும் (பெயரும் எண்ணும் மாதிரிக்கு):

```
M1KUMAR/SENTHILMR     EABC123 COKSHJXX 0417 164Y012A0045 100
```

இடமிருந்து பாருங்கள். முதலில் குடும்பப் பெயர், சாய்கோடு, பிறகு சொந்தப் பெயர். கடைசியில் ஒட்டியிருக்கும் `MR` பெயரின் பகுதி அல்ல, திரு என்பதுதான். அதை "செந்தில்மர்" என்று எழுதிவிடக் கூடாது. குழந்தைக்கு `MSTR` என்று வந்தால் அது வாத்தியார் இல்லை, சிறுவன். அடுத்து `E` என்ற மின்டிக்கெட் அடையாளத்தைத் தாண்டினால் ஆறு எழுத்து PNR. அப்புறம் `COK`, `SHJ`, விமான நிறுவனத்தின் குறி, விமான எண். `164` என்பதுதான் அழகு: ஜனவரி 1இலிருந்து எண்ணினால் அந்த வருடத்தின் 164ஆவது நாள். லீப் வருடம் இல்லையென்றால் அது ஜூன் 13. மங்கலான `13JUN`ஐ `18JUN` என்று படித்திருந்தால் இங்கே 169 வர வேண்டும், வராது. பிறகு வகுப்பு `Y`, சீட் `012A`, வரிசை எண் `0045`.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கேட்டும் நேரங்களும் இந்த வரியில் கிடையாது. அந்த இரண்டையும் அச்சிலிருந்துதான் படிக்க வேண்டும், அல்லது இன்னொரு போட்டோ கேட்க வேண்டும். கேட்கும்போது, ஃபிளாஷ் இல்லாமல், காகிதத்தைத் தட்டையாக வைத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கி பார்கோடின் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, முன்பின் தெரியாத வெப்சைட்டில் அந்தப் போட்டோவை ஏற்றாதீர்கள். பெயரும் PNRம் கையில் இருந்தால் பிறர் அந்தப் புக்கிங்கைத் திறந்து பார்த்துவிடலாம். வேலை முடிந்ததும் கடை கம்ப்யூட்டரிலிருந்து நான் அழித்துவிடுகிறேன்.

கேட் விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் எண் மாறாட்டம். `SEAT 12A`, `SEQ 045`, `GATE 5` எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். `SEQ` என்பது இந்த விமானத்துக்கு நீங்கள் எத்தனையாவதாக செக்-இன் செய்தீர்கள் என்ற எண், பயணிக்கு அதனால் எந்த வேலையும் இல்லை. அதைக் கேட் என்று எழுதிக் கொடுத்தால், இல்லாத 45ஆம் கேட்டைத் தேடி நடப்பார்கள். எண்ணுக்குப் பின் எழுத்து வந்தால் (`12A`) பெரும்பாலும் சீட். துபாய் போன்ற பெரிய இடங்களில் கேட்டுக்கு எழுத்து முன்னால் வரும் (`A12`). வெப் செக்-இன் பாஸில் கேட் காலியாகவோ `--` என்றோ இருந்தால் "கேட் இல்லை" என்று எழுதாதீர்கள், "கேட் அங்கே திரையில் பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். அச்சாகியிருந்தாலும் அதே குறிப்பைச் சேர்ப்பேன், கேட் கடைசி நேரத்திலும் மாறும்.

டெர்மினல் எந்த ஊருடையது என்று பார்க்காமல் எழுதுவதும் உண்டு. `FROM` பக்கத்தில் `T3` என்றால் கொச்சியில் வெளிநாட்டு விமானங்களுக்கான கட்டடம். `T1` அங்கே உள்நாட்டுக்கு. `TO` பக்கத்தில் இருந்தால் அது கூட்டிப்போக வருகிறவருக்கான தகவல். துபாயில் `T2` ஓடுபாதைக்கு மறுபக்கம் இருக்கிறது, `T3`இல் காத்திருப்பவர் நடந்து வந்துவிட முடியாது.

அந்த அக்கா அடுத்த வருடமும் போனார், அதே இரவு விமானம். இந்த முறை நான் எழுதிக் கொடுத்தது இது:

"12 வெள்ளி மாலை 5.30 – வீட்டிலிருந்து கிளம்பவும்.
12 வெள்ளி இரவு 9.30 – நெடும்பாசேரி (`COK`), டெர்மினல் 3.
12 வெள்ளி இரவு 11.25 – பெட்டி கவுண்டர் மூடும். விமானத்தில் ஏற்றத் தொடங்குவதும் இதே நேரம்.
கேட் – திரையில் பார்க்கவும். சீட் – 14C.
வெள்ளி இரவு 12.25 (காகிதத்தில் 13 என்று இருக்கும்) – விமானம் கிளம்பும்."

அவர் அதை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்துவிட்டு, "வெள்ளிக்கிழமைங்களா தம்பி?" என்று ஒரு தடவை கேட்டார். வெள்ளிதான் என்றேன். தாளை பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.