குழுத்திட்டத்தில் தனிமதிப்பெண்: கேள்வி அமைக்கும் முறை

நான்கு பேர் சேர்ந்து கொடுக்கும் ஓர் அறிக்கைக்கு ஒரே மதிப்பெண் இட்டால், வெயிலில் நின்று அளவெடுத்தவரும் அட்டையில் பெயர் மட்டும் எழுதியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இதைத் தவிர்க்க, அறிக்கைக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேள்வி கேட்கும் மதிப்பீட்டை எப்படி அமைப்பது என்று, கல்லூரி முதலாண்டில் கொடுக்கக்கூடிய ஒரு சிறு திட்டத்தை வைத்தே பார்க்கலாம். வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு கிளை வாய்க்காலில் வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று மிதவை முறையில் கணக்கிடுவதே அந்தத் திட்டம். தேங்காய் நெற்று ஒன்றை மிதக்கவிட்டு, அது 10 மீட்டர் தூரத்தைக் கடக்கும் நேரத்தை மாணவர்கள் குறிக்க வேண்டும்.

முதல் வேலை, திட்டத்தை அறிவிக்கும் நாளிலேயே மதிப்பெண் பிரிவைச் சொல்லிவிடுவது. அறிக்கைக்கு 50, தனிக்கேள்விக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். தனிக்கேள்வியில் தன் பங்கு பற்றியதற்கு 20, மற்றவர் பங்கு பற்றியதற்கு 15, நிலைமையை மாற்றிக் கேட்பதற்கு 15. கேள்வி வரும் என்பது முன்பே தெரிந்தால், கணக்குப் போடுபவர் மற்றவர்களுக்கும் அதை விளக்கியாக வேண்டிய கட்டாயம் குழுவுக்குள் தானாக வந்துவிடும்.

அடுத்தது களக்குறிப்பேடு. தேதி, அளவு, எடுத்தவர் பெயர் ஆகிய மூன்றும் அங்கேயே, கரையில் நின்றபடியே எழுதப்பட வேண்டும். தவறான அளவை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடிக்கலாம். நல்ல கேள்விகள் பெரும்பாலும் இந்த அடித்தல்களிலிருந்துதான் கிடைக்கும் என்பதால், அழகாகப் படியெடுத்த குறிப்பேட்டை நான் ஏற்பதில்லை.

இனி கேள்விகள். ஒரு குழுவின் குறிப்பேட்டில் நேரங்கள் 24, 38, 25, 26 வினாடிகள் என்று இருக்கின்றன. 38 மட்டும் அடிக்கப்பட்டிருக்கிறது. "சராசரி எவ்வளவு?" என்று கேட்டால் அறிக்கையைப் படித்த எவரும் 25 என்பார். பக்கத்தை அவர் கையில் கொடுத்து, "இதை ஏன் அடித்தீர்கள்?" என்று கேளுங்கள். கரையில் நின்றவர், "காய் ஆகாயத்தாமரையில மாட்டிக்கிச்சு சார்" என்று உடனே சொல்வார். நிற்காதவர் "தப்பா வந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பதில் அறிக்கையில் இருக்கக் கூடாது, ஆனால் வேலையைச் செய்தவருக்குத் தெரியாமலும் இருக்கக் கூடாது. எண்களை மனப்பாடமாகக் கேட்பது ஞாபகசக்தியைத்தான் சோதிக்கும். ஆகவே ஏடு எப்போதும் மாணவர் கையிலேயே இருக்கட்டும்.

மற்றவர் பங்கைப் பற்றிய கேள்விக்கு அதே கணக்கு போதும். 10 மீட்டரை 25 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். குழு அதை 0.85 ஆல் பெருக்கி 0.34 ஆக்கி, 4 மீட்டர் அகலமும் 0.5 மீட்டர் சராசரி ஆழமும் கொண்ட வாய்க்காலுக்கு 0.68 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 24 கன அடி, என்று எழுதியிருக்கிறது. ஆழம் அளந்த மாணவரிடம் 0.85 எதற்கு என்று கேட்கலாம். தரையும் கரையும் உராய்வதால் உள்ளே ஓடும் நீர் மேற்பரப்பைவிட மெதுவாகச் செல்கிறது என்ற கருத்து வந்தால் போதும், சொற்கள் எப்படியும் இருக்கலாம்.

மூன்றாவது கேள்வி: "அகலம் மாறாமல் ஆழம் 0.8 மீட்டராக உயர்ந்தால் ஓட்டம் என்ன ஆகும்?" பரப்பை மட்டும் மாற்றி 1.09 கன மீட்டர் என்பவருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். நீர் உயர்ந்தால் வேகமும் மாறும், மறுபடி மிதவை விட வேண்டும் என்பவருக்கே முழு மதிப்பெண்.

நடத்தும்போது ஒருவருக்கு எட்டு நிமிடம் என்றால் நால்வருக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். முடித்தவர் காத்திருப்பவரோடு பேசாதபடி வெவ்வேறு அறைகள் வேண்டும். பத்துப் பன்னிரண்டு குழுக்கள் இருந்தால் வாய்மொழித் தேர்வு கட்டுப்படியாகாது. அவரவர் குழுவின் ஏட்டுப் பக்கத்தின் நகலைக் கொடுத்து, இதே மூன்று கேள்விகளுக்கு இருபது நிமிடத்தில் வகுப்பிலேயே எழுதச் சொல்லலாம்.

இந்தக் குழுவின் அறிக்கைக்கு 40 கிடைத்தது என்று கொள்வோம். தனிக்கேள்வியில் 17, 12, 11 பெற்றவருக்கு மொத்தம் 80. 6, 3, 2 பெற்றவருக்கு 51. ஆனால் இந்த 51-ஐ அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிடாதீர்கள். கேள்விகள் அளப்பது புரிதலை. உழைப்பை அவை நேரடியாக அளப்பதில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றவர் பேசத் திணறலாம், ஒன்றும் செய்யாதவர் முதல்நாள் இரவு நண்பரிடம் கேட்டுப் படித்து வரலாம். எனவே தனிமதிப்பெண் 20-க்குக் கீழே போகும்போது குறிப்பேட்டில் அவர் பெயருள்ள பக்கங்களைப் பாருங்கள். பெயர் பல இடங்களில் இருந்தால், இன்னொரு நாள், முடிந்தால் வாய்க்கால் கரையிலேயே, அளந்து காட்டச் சொல்லி மறுவாய்ப்புக் கொடுங்கள். பெயரும் இல்லை, பதிலும் இல்லை என்றால் அறிக்கையின் 40 அவருக்குச் சேராது என்ற விதியையும் முதல்நாளே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.